மதுரை ஜங்ஷன் கவுண்டரில் ஆங்கிலத்தில் டிக்கெட் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் பழகுகிறவர்களுக்கு ஒரு சின்ன உரையாடலும், அதை ஒட்டி வகுப்பில் வழக்கமாக வரும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தப் பக்கம்.

மதுரையில டிக்கெட் எடுக்க எதுக்கு இங்கிலீஷ்? தமிழ்ல கேட்டா குடுக்க மாட்டாங்களா?

தாராளமாகக் கொடுப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்தால் தமிழிலேயே பேசுங்கள். தமிழ் தெரிந்தவரிடம் வலிந்து ஆங்கிலம் பேசினால் வரிசையில் பின்னால் நிற்பவர்களின் பொறுமைதான் போகும்.

ஆனால் ரயில்வேயில் வெளிமாநிலத்துக்காரர்களும் வேலை பார்க்கிறார்கள். அவர் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார், நமக்கு இந்தி வராது, நடுவில் ஆங்கிலம்தான் கைகொடுக்கும். தவிர, இங்கிருந்து பெங்களூரு போகிறவர் திரும்பி வர அங்கேயும் ஒரு கவுண்டரில் நின்றாக வேண்டும். ஊரில் பழகியது அங்கே உதவும்.

உரையாடலை முழுசா ஒரே இடத்துல தர முடியுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி. அம்மாவுக்கு வயது 58. இருவரும் பெங்களூரு போக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாக இரவில் போகும் மைசூரு எக்ஸ்பிரஸில், எண் 16235, ஸ்லீப்பர் வகுப்பில் இடம் கேட்கிறாள். ரிசர்வேஷன் பாரத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டாள். கட்டணம் பழகுவதற்காக நான் போட்டது, உண்மையான தொகை அல்ல.

மாணவி: குட் மார்னிங், சார். டூ ஸ்லீப்பர் டிக்கெட்ஸ் டு பெங்களூரு, ப்ளீஸ். ஃபார் தி தர்ட்டீன்த்.

கிளார்க்: ட்ரெயின்?

மாணவி: மைசூரு எக்ஸ்பிரஸ், சார். ஒன் சிக்ஸ் டூ த்ரீ ஃபைவ்.

கிளார்க்: தர்ட்டீன்த் வெயிட்டிங் லிஸ்ட். ஃபோர்ட்டீன்த் அவெய்லபிள். ஓகே?

மாணவி: சாரி, சார். குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?

கிளார்க்: தர்ட்டீன்த், வெயிட்டிங் லிஸ்ட். ஃபோர்ட்டீன்த், அவெய்லபிள்.

மாணவி: ஃபோர்ட்டீன்த், ப்ளீஸ். ஒன் ஃபோர்.

கிளார்க்: கரெக்ட் தி டேட். சைன்.

மாணவி: ஹியர் யூ ஆர், சார். குட் மை மதர் ஹேவ் எ லோயர் பெர்த், ப்ளீஸ்?

கிளார்க்: ஒன் லோயர், ஒன் அப்பர். ஓகே?

மாணவி: யெஸ், தட்ஸ் ஃபைன். ஹவ் மச் இஸ் இட்?

கிளார்க்: சிக்ஸ் ட்வென்ட்டி.

மாணவி: ஹியர் இஸ் செவன் ஹண்ட்ரட்.

கிளார்க்: ட்வென்ட்டி?

மாணவி: யெஸ், சார். ஹியர் இட் இஸ்.

கிளார்க்: செக் தி டேட்.

மாணவி: இட்ஸ் கரெக்ட். தேங்க் யூ, சார்.

இவ்வளவுதான். கவுண்டரில் பெண் இருந்தால் சார் இருக்கிற இடத்தில் எல்லாம் மேடம்.

பாரத்துல என்னென்ன எழுதணும்? பேசுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

வண்டி எண், பெயர், பயண தேதி, வகுப்பு, ஏறும் ஊர், இறங்கும் ஊர், பயணிகளின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா என்ற விருப்பம், பிறகு உங்கள் முகவரி, போன் நம்பர், கையெழுத்து. ஒரு பாரத்தில் ஆறு பேர் வரை எழுதலாம்.

பாரம் சரியாக இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். கிளார்க் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். பாரத்தில் இல்லாததையும் புரியாததையும்தான் உங்களிடம் கேட்பார். மேலே உள்ள மாணவியிடம் ஊரையோ பெயரையோ அவர் கேட்கவில்லை, கவனித்தீர்களா? வண்டியை மட்டும் ஒரு முறை உறுதி செய்துகொண்டார். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, பாரத்தை அழகான பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்பதுதான். பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள்.

வண்டி எண்ணில் ஒரு சங்கதி உண்டு. போகிற வண்டிக்கு ஒரு எண், அதே பெயரில் திரும்பி வரும் வண்டிக்கு வேறு எண். 16235 மைசூரு நோக்கிப் போகும், 16236 மைசூருவிலிருந்து தூத்துக்குடி வரும். கடைசி இலக்கம் மாறினால் திசையே மாறிவிடும். அதனால் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள்.

வயதும் முக்கியம். 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கும், 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களுக்கும் கீழ் பெர்த் கொடுக்கத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. காலியாக இருந்தால்தான் கிடைக்கும். வாயால் கேட்பதோடு பாரத்திலும் குறித்துவிட வேண்டும்.

"ஐ வான்ட் டூ டிக்கெட்ஸ்"னு சொன்னா தப்பா?

இலக்கணப்படி தப்பில்லை, டிக்கெட்டும் கிடைக்கும். ஆனால் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கும். "கிவ் மீ டூ டிக்கெட்ஸ்" அதைவிட மோசம்.

இது நம்மவர்களின் குணத்தில் உள்ள கோளாறு இல்லை. தமிழில் "ரெண்டு டிக்கெட் குடுங்க" என்கிறோம். அந்த "ங்க"வில் எல்லா மரியாதையும் வந்துவிடுகிறது, வேறு சொல் தேவைப்படுவதே இல்லை. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது "ங்க" மட்டும் வழியில் விழுந்துவிடுகிறது. "கிவ் டூ டிக்கெட்ஸ்" என்பது ஆங்கிலக் காதுக்கு "ரெண்டு டிக்கெட் குடு" என்றுதான் விழும்.

விழுந்ததை ஈடுகட்ட இரண்டு வழி. ஊரையும் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ப்ளீஸ் சேர்ப்பது ஒன்று: "டூ டு பெங்களூரு, ப்ளீஸ்." இதில் வினைச்சொல்லே இல்லை, யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். இன்னொன்று, உதவியாகக் கேட்கும்போது குட் போட்டு ஆரம்பிப்பது, குட் மார்னிங்கில் வரும் குட் இல்லை, முடியுமா என்று கேட்கும் குட்: "குட் ஐ ஹேவ் எ லோயர் பெர்த், ப்ளீஸ்?" முதலாவது வாடிக்கையான கேள்விக்கு, இரண்டாவது அவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய இடத்துக்கு. எல்லா வாக்கியத்திலும் குட் போட்டால் பேச்சு நீண்டுபோகும்.

"கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" போன்றவை மனு எழுதும் மேஜையைச் சேர்ந்தவை. கவுண்டரில் வேண்டாம்.

நான் சொல்றது சரியாத்தான் இருக்கு. அவங்க பேசறதுதான் புரியல. என்ன பண்றது?

இந்த உரையாடலில் உண்மையாகவே கடினமான பகுதி இதுதான். பாடப்புத்தகத்து கிளார்க் "விச் க்ளாஸ் வுட் யூ லைக் டு ட்ராவல் இன்?" என்று முழு வாக்கியமாகக் கேட்பார். நிஜ கிளார்க் "க்ளாஸ்?" என்பார். கண்ணாடியும் மைக்கும் நடுவில், பக்கத்து கவுண்டரில் ஒருவர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். நீளமான வாக்கியத்தை எதிர்பார்த்து நிற்கும் காதில் அந்த ஒற்றைச் சொல் ஏறுவதே இல்லை.

ஆறுதலான செய்தி, கேட்கப்படும் சொற்கள் மிகக் குறைவு. ட்ரெயின், டேட், க்ளாஸ், ஹவ் மெனி, ஏஜ், லோயர், வெயிட்டிங், ஓகே, சேஞ்ச். பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஒற்றைச் சொல் கேள்விக்கு ஒற்றைச் சொல் பதிலே போதும். "க்ளாஸ்?" என்றால் "ஸ்லீப்பர், சார்." அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

உரையாடலில் வரும் "ட்வென்ட்டி?" என்ற கேள்வியைப் பாருங்கள். 620 ரூபாய்க்கு 700 கொடுத்தாள். மீதி 80 தர அவரிடம் சில்லறை இல்லை. 20 ரூபாய் கொடுத்தால் நூறாகத் திருப்பித் தந்துவிடலாம். தமிழில் "இருபது இருக்கா?" என்று கேட்பதைத்தான் அவர் ஒரே சொல்லில் கேட்கிறார். வகுப்பில் பலரும் இந்த இடத்தில் விழித்துக்கொண்டு நிற்பார்கள். இல்லையென்றால் "சாரி, நோ சேஞ்ச், சார்" என்று சொல்லலாம்.

சேஞ்ச் என்ற அதே சொல் வண்டி மாறுவதற்கும் வரும். "டு ஐ ஹேவ் டு சேஞ்ச்?" என்றால் நடுவில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டுமா என்று அர்த்தம். பணம் கையில் இருக்கும்போது கேட்டால் சில்லறை, வழியைப் பற்றிப் பேசும்போது கேட்டால் வண்டி.

ஒன்றும் புரியாவிட்டால் "ஆங்?" என்றோ "வாட்?" என்றோ கேட்காதீர்கள். "சாரி?" என்று குரலைக் கடைசியில் கொஞ்சம் உயர்த்தினாலே திரும்பச் சொல்வார். அதற்கும் புரியவில்லை என்றால் "ப்ளீஸ் ரைட் இட், சார்" என்று பாரத்தின் ஓரத்தைக் காட்டுங்கள். புரிந்தது போலத் தலையாட்டி வைப்பதுதான் ஆபத்து. நம் ஊர்த் தலையாட்டலுக்கு சரி, பார்க்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பல அர்த்தம். அவர் சரி என்று எடுத்துக்கொண்டு டிக்கெட்டை அச்சடித்துவிடுவார்.

தர்ட்டீன், தர்ட்டி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

பதின்மூன்றில் அழுத்தம் பின்னால் விழும், கடைசியில் "டீன்" நீளும். முப்பதில் அழுத்தம் முன்னால், "ட்டி" சட்டென்று முடிந்துவிடும். ஃபிஃப்டீன், ஃபிஃப்ட்டி, சிக்ஸ்டீன், சிக்ஸ்ட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நாம் "டீன்" சொல்லும்போது அந்த "ன்"னை விழுங்கிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உச்சரிப்பை நம்பி மட்டும் இருக்காதீர்கள். எண்ணைச் சொன்ன கையோடு இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள்: "தர்ட்டீன், ஒன் த்ரீ." காதில் விழுந்தது சந்தேகமாக இருந்தாலும் இப்படியே கேட்கலாம்: "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ, சார்?" தேதி, தொகை, வயது மூன்றுக்கும் இது பொருந்தும்.

"நோ லோயர் பெர்த், ஓகே?"னு கேட்டா யெஸ் சொல்லணுமா, நோ சொல்லணுமா?

இந்த இடத்தில் "ஓகே?"வுக்குத்தான் பதில். கீழ் பெர்த் இல்லாமல் போகத் தயார் என்றால் "யெஸ், தட்ஸ் ஃபைன்." வேண்டாம் என்றால் "நோ, தேங்க் யூ. இஸ் தேர் அனதர் ட்ரெயின்?"

சிக்கல் வருவது வேறு மாதிரிக் கேள்வியில். "யூ டோன்ட் ஹேவ் சேஞ்ச்?" என்று கேட்கிறார், உங்களிடம் சில்லறை இல்லை. தமிழில் "சில்லறை இல்லையா?" என்றால் "ஆமா, இல்ல" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த "ஆமா." அதை அப்படியே "யெஸ்" ஆக்கிவிட்டால், சில்லறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவர் கையை நீட்டுவார். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் இருப்பதற்கு யெஸ், இல்லாததற்கு நோ. "நோ, ஐ டோன்ட்."

சந்தேகம் வந்தால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். "ஐ ஹேவ் நோ சேஞ்ச், சார்." எப்படிக் கேட்டாலும் இது பிசகாது. எதிர்மறைக் கேள்வியைப் புரியவைக்க நான் அரை மணி நேரம் செலவழிப்பதைவிட இந்தக் குறுக்குவழி மேல் என்பது என் எண்ணம்.

வெயிட்டிங் லிஸ்ட், ஆர்.ஏ.சி. ரெண்டுல எதுக்கு ஓகே சொல்லலாம்?

ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம், உட்கார இடம் உறுதி. ஸ்லீப்பரில் ஓரத்துக் கீழ் பெர்த்தை இருவர் பங்கிட்டு உட்கார வேண்டியிருக்கும். யாராவது ரத்து செய்தால் படுக்க முழு பெர்த் கிடைக்கலாம். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இன்னும் இடமே இல்லை. பட்டியல் நகர்ந்து உறுதியாகாவிட்டால் அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறக் கூடாது.

அதனால்தான் மாணவி ஒரு நாள் தள்ளிப் போகச் சம்மதித்தாள். அவசரம் என்றால் "வாட் இஸ் தி வெயிட்டிங் லிஸ்ட் நம்பர்?" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எண் சின்னதாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. திருவிழாவை ஒட்டிப் போகிறவர்கள் நாளை எண்ணிவைத்துக்கொள்வது நல்லது.

ராத்திரி 12 மணிக்கு மேல வர்ற வண்டிக்கு எந்தத் தேதி சொல்லணும்?

மறுநாள் தேதி. செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி 12.15க்கு வண்டி ஏறுகிறீர்கள் என்றால், ரயில்வே கணக்கில் அது புதன், நேரம் 00:15. "ட்யூஸ்டே நைட்" என்று சொன்னால் செவ்வாய் பிறந்த நள்ளிரவுக்கு டிக்கெட் வந்துவிடலாம். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகும்போது அந்த வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். கிழமையையும் ராத்திரியையும் விட்டுவிட்டுத் தேதியோடு "ட்வெல்வ் ஃபிஃப்டீன் ஏ.எம்." என்று சொல்லுங்கள். மதுரையில் எந்தத் தேதியில் ஏறுகிறீர்களோ அதுதான் பாரத்தில் வர வேண்டும். வண்டி முந்தின நாளே வேறு ஊரில் புறப்பட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பஸ்ஸுக்கும் இதே வசனம் போதுமா?

பஸ்ஸுக்கு இன்னும் சுருக்கம். பாரம் இல்லை, வகுப்பு இல்லை, கண்டக்டரே நம்மிடம் வருவார். "டூ டு வத்தலக்குண்டு, ப்ளீஸ்" என்றால் முடிந்தது. பஸ்ஸில் அதிகம் தேவைப்படுவது ஏறுவதற்கு முன் கேட்கும் கேள்விதான்: "டஸ் திஸ் பஸ் கோ டு கொடைக்கானல்?" "திஸ் பஸ் கோயிங் கொடைக்கானல்?" என்றாலும் புரியும், டஸ் போட்டால் முறையாக இருக்கும். இறங்கும் இடம் தெரியாவிட்டால், "குட் யூ டெல் மீ வென் வீ ரீச் வத்தலக்குண்டு, ப்ளீஸ்?"

இறங்குவதற்கு நாம் "கெட் டவுன்" என்கிறோம். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் "கெட் ஆஃப்" என்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் நம்மகிட்ட இங்கிலீஷ்ல கேட்டா?

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் இருக்கும் ஊரில் இது நடக்கும். பெரும்பாலும் அவர்கள் தப்பான பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பார்கள். கொடைக்கானல், தேனி, கோயம்புத்தூர் பக்கம் போக ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, திருநெல்வேலி பக்கம் போக மாட்டுத்தாவணி. மாட்டுத்தாவணியில் நின்று கொடைக்கானல் பஸ்ஸைத் தேடுகிறவரிடம் "நாட் ஹியர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "தட் பஸ் லீவ்ஸ் ஃப்ரம் ஆரப்பாளையம். யூ கேன் டேக் எ டவுன் பஸ் ஃப்ரம் ஹியர்." ஊர்ப் பெயரை மெதுவாக ஒரு முறை, அப்புறம் போனில் தட்டிக் காட்டினால் இன்னும் நல்லது. ஆரப்பாளையம் என்பதைக் கேட்டு நினைவில் வைக்க அவரால் முடியாது.

டிக்கெட்ட வாங்கிப் பாத்தா தேதி தப்பா இருக்கு. என்ன சொல்லணும்?

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் தேதி, வண்டி எண், ஏறும் ஊர், இறங்கும் ஊர், பெயர், வயது எல்லாவற்றையும் பாருங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் பார்த்துவிட்டே நகருங்கள். பிசகு இருந்தால் "எக்ஸ்க்யூஸ் மீ, சார். தி டேட் இஸ் ராங். குட் யூ கரெக்ட் இட், ப்ளீஸ்?" என்று டிக்கெட்டையும் பாரத்தில் நீங்கள் எழுதிய தேதியையும் காட்டுங்கள். "யூ மேட் எ மிஸ்டேக்" என்று ஆரம்பிக்காதீர்கள், யார் செய்த பிசகு என்று அங்கே விசாரணை நடத்தினால் நேரம்தான் போகும். தேதி தப்பு என்று சொன்னாலே போதும், யார் மேலும் பழி விழாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் அது ரத்து செய்து புது டிக்கெட் எடுக்கிற கதையாகிவிடலாம், ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் பணம் திரும்பும். அப்போது தேவைப்படும் வாக்கியம் வேறு: "ஐ'ட் லைக் டு கேன்சல் திஸ் டிக்கெட், ப்ளீஸ். ஹவ் மச் வில் ஐ கெட் பேக்?"